எண்ணுச்சொல் மறையும் இடம்: ஸ்லோவேனிய இருமையில் கற்போர் செய்யும் பிழைகள்

ஸ்லோவேனிய மொழியில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று எண்களில் வரும். வடமொழி இலக்கணம் படித்தவர்களுக்கு இருமை புதிதல்ல. ஆனால் அது அவர்களுக்கு ஏடுகளில் கண்ட இலக்கணம். ஆல்ப்ஸ் மலைக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்லோவேனியாவில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே இருவர் சேர்ந்து கடைக்குப் போனால் ‘போனோம்’ என்பதற்கு ஒரு வடிவம், மூவர் போனால் வேறொரு வடிவம். ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் இருமை இருந்தது. இன்று அதை முழு அமைப்பாகக் காத்து வைத்திருப்பவை ஸ்லோவேனியமும், ஜெர்மனியின் கிழக்கில் சிறுபான்மையோர் பேசும் மேல், கீழ் சோர்பிய மொழிகளுமே.

வெளியிலிருந்து வந்து ஸ்லோவேனியம் கற்பவர்கள் இந்த இருமையில்தான் அதிகம் தடுக்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்பதை அந்தப் பேச்சு சொல்வதில்லை. கற்பவர்கள் ‘இரண்டு’ என்ற கருத்தை மறப்பதில்லை. அதை மறப்பவர் யாருமில்லை. பிழை வேறோர் இடத்தில் பிறக்கிறது. அந்த இடத்தைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

லியுப்லியானா பல்கலைக்கழகத்தில் அயலார் எழுதிய ஸ்லோவேனியக் கட்டுரைகளைத் திரட்டி, பிழைகளை வகை பிரித்துக் குறித்து, ‘கோஸ்த்’ என்ற பெயரில் ஒரு தரவகம் உருவாக்கியிருக்கிறார்கள். அதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் செர்பியம், மாசிடோனியம் போன்ற தென்ஸ்லாவிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நான் கீழே எடுத்துக்கொள்ளும் பத்தி அந்தத் தரவகத்திலிருந்து எடுத்ததல்ல. இப்படிப்பட்ட கற்போரிடம் வழக்கமாகக் காணப்படும் பிழைகளை ஒரே இடத்தில் பார்ப்பதற்காக நானே அமைத்தது. எழுதுபவர் செர்பியம் பேசும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோவேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒலி முற்றிலும் துல்லியமாக இராது. வாசகர் சொல்லின் கடைசி உயிரெழுத்தை மட்டும் கவனித்தால் போதும்; எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இமாம் த்வா ப்ராத்தா. தேலயோ வ் மரிபோரு. லானி ஸோ குபிலி த்வே ஸ்தாரே ஹிஷே. வ் ஏனி ஹிஷி யே பேத் ஸோபா. ஆனா இன் யாஸ் ஸ்வா தாம் தேலலா. நோகி ஸ்தா மே போலேலி.

சொல்ல வந்த பொருள் இது: எனக்கு இரண்டு சகோதரர்கள். மரிபோரில் வேலை செய்கிறார்கள். போன ஆண்டு இரண்டு பழைய வீடுகள் வாங்கினார்கள். ஒரு வீட்டில் ஐந்து அறைகள் இருக்கின்றன. ஆனாவும் நானும் அங்கே வேலை செய்தோம். எனக்குக் கால்கள் வலித்தன.

ஆறு வாக்கியங்களில் முதல் வாக்கியம் மட்டுமே சரி. அது ஏன் சரியாக வந்தது என்பதிலேயே மற்ற ஐந்தும் ஏன் தவறின என்பதற்கான குறிப்பு இருக்கிறது.

‘ப்ராத்’ என்றால் சகோதரன். ஒருவன் என்றால் ‘ஏன் ப்ராத்’, இருவர் என்றால் ‘த்வா ப்ராத்தா’, மூவர் என்றால் ‘த்ரியே ப்ராத்யே’, ஐவர் என்றால் ‘பேத் ப்ராத்தோவ்’. இரண்டுக்கு இருமை, மூன்றுக்கும் நான்குக்கும் பன்மையின் முதல் வேற்றுமை, ஐந்து முதல் பன்மையின் ஆறாம் வேற்றுமை. ‘ஐந்து சகோதரர்களது’ என்று சொல்வதுபோன்ற அமைப்பு அது. பழைய ஸ்லாவியத்தில் ஐந்து முதலான எண்கள் பெயர்ச்சொற்களாக இருந்தன. ‘சகோதரர்களின் ஐந்து’ என்ற பொருளில் எண் தலைமைச் சொல்லாக நிற்க, எண்ணப்பட்டவை ஆறாம் வேற்றுமையில் வந்தன. எண்ணுச்சொல் பிறகு பெயர்த்தன்மையை இழந்தாலும், பின்னால் வரும் சொல்லின் வேற்றுமை அப்படியே நின்றுவிட்டது. வினைமுற்றும் அதே பழைய நினைவில் ஒருமையாகவே வருகிறது: ஐந்து சகோதரர்கள் வந்தார்கள் என்பது ‘பேத் ப்ராத்தோவ் யே ப்ரிஷ்லோ’. இதில் ‘யே’ ஒருமைத் துணைவினை; ‘ப்ரிஷ்லோ’ நடுப்பால் ஒருமை. ஐவரைப் பற்றிய வாக்கியத்தில் வினை ஒருமையில் நிற்பது கற்பவருக்கு உறுத்தும். ‘ஸோ ப்ரிஷ்லி’ என்று பன்மையில் எழுதிவிடுவார். ரஷ்ய மொழியில் இந்த இடத்தில் ஒருமையும் வரலாம், பன்மையும் வரலாம் என்பதால் ரஷ்யர்கள் இந்தப் பிழையை எளிதில் உணர்வதில்லை.

இப்போது முதல் வாக்கியம். ‘த்வா ப்ராத்தா’ சரியான இருமை. ஆனால் செர்பியத்திலும் இரண்டு சகோதரர்கள் ‘த்வா ப்ராத்தா’தான். செர்பியத்தில் அது இன்று இருமை இல்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று எண்களுக்கும் பொதுவாக வரும் வடிவம். பழைய இருமையின் ஆண்பால் விகுதி அங்கே இரண்டோடு நிற்காமல் மூன்றுக்கும் நான்குக்கும் பரவிவிட்டது. ஆகவே நம் எழுத்தாளர் ஸ்லோவேனிய இருமையைக் கற்று எழுதினாரா, தாய்மொழியை அப்படியே எடுத்து வைத்தாரா என்பதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து அறிய முடியாது. அறிய வேண்டுமானால் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும். ‘த்ரியே ப்ராத்யே’ என்று எழுதினால் அவர் கற்றிருக்கிறார். ‘த்ரி ப்ராத்தா’ என்று எழுதினால் முதல் வாக்கியம் தற்செயலாகச் சரியானது.

பெண்பாலில் இந்தத் தற்செயல் தலைகீழாகிறது. வீடு ‘ஹிஷா’. இரண்டு வீடுகள் ‘த்வே ஹிஷி’, மூன்று ‘த்ரி ஹிஷே’, ஐந்து ‘பேத் ஹிஷ்’. செர்பியத்தில் பெண்பால் பெயர்கள் இரண்டு, மூன்று, நான்கு எதற்கும் ‘ஏ’ விகுதிதான் பெறும். அதனால் செர்பியர் ‘த்ரி ஹிஷே’ என்பதைச் சரியாகவும் ‘த்வே ஹிஷே’ என்பதைத் தவறாகவும் எழுதுவார். நம் பத்தியின் மூன்றாம் வாக்கியத்தில் ‘த்வே ஸ்தாரே ஹிஷே’ என்று வந்தது இதனால்தான்; பெயரடையும் பெயரும் இரண்டும் சேர்ந்து பன்மைக்குப் போய்விட்டன. சரியான வடிவம் ‘த்வே ஸ்தாரி ஹிஷி’.

ரஷ்யர் ஒருவர் இதே இடத்தில் எழுதினால் என்ன நடக்கும்? புத்தகம் ஸ்லோவேனியத்தில் ‘க்ன்யிகா’, ரஷ்ய மொழியில் ‘க்னிகா’. ரஷ்ய மொழியில் இரண்டு, மூன்று, நான்குக்குப் பின் பெயர் ஒருமையின் ஆறாம் வேற்றுமையில் வரும். இரண்டு புத்தகங்கள் ‘த்வே க்னிகி’. ஸ்லோவேனிய இருமையோ ‘த்வே க்ன்யிகி’. இலக்கண வகையில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்று ஒருமை, மற்றது இருமை. காதுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ரஷ்யர் இரண்டில் சரியாக எழுதி, மூன்றில் ‘த்ரி க்ன்யிகி’ என்று தவறுவார். செர்பியர் இரண்டில் தவறி மூன்றில் சரியாக எழுதுவார். ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இந்த இருவரில் ஆசிரியர் இரண்டை மட்டும் சோதித்தால், ரஷ்யருக்கு இருமை வந்துவிட்டது, செர்பியருக்கு வரவில்லை என்று முடிவு கட்டுவார். உண்மையில் இருவருக்குமே அது வந்திருக்காமல் இருக்கலாம்.

ரஷ்யரைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு: எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு பெயரடையை வைக்க வேண்டும். ‘இரண்டு பழைய’ என்று ஆண்பால் பெயருக்கு முன் சொல்லும்போது ரஷ்ய மொழியில் பெயரடை பன்மையின் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் ஸ்லோவேனியத்தில் ‘த்வா ஸ்தாரிஹ் ப்ராத்தா’ என்று வெளிப்படும். ஸ்லோவேனியத்தில் மூன்று சொற்களும் ஒரே விகுதியில் இணைந்து நிற்க வேண்டும்: ‘த்வா ஸ்தாரா ப்ராத்தா’. பெயர்ச்சொல் தற்செயலாகப் பொருந்தினாலும் பெயரடை காட்டிக்கொடுத்துவிடும். சோதனைத்தாள் அமைப்பவர்கள் ‘எண் + பெயர்’ என்ற இரட்டையை மட்டும் கேட்காமல் நடுவில் ஒரு பெயரடை வைப்பது நல்லது.

இருபதுக்கு மேலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரஷ்ய, செர்பிய மொழிகளில் 21, 22 ஆகியவை ‘இருபது ஒன்று’, ‘இருபது இரண்டு’ என்ற வரிசையில் வரும். கடைசிச் சொல் ஒன்று என்பதால் பெயர் ஒருமையில் வரும், இரண்டு என்றால் இரண்டுக்குரிய வடிவில் வரும். ஸ்லோவேனியம் ஜெர்மன் போல ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்கிறது: 21 ‘ஏனாஇன்த்வாய்செத்’, 22 ‘த்வாஇன்த்வாய்செத்’. இங்கே கடைசியில் நிற்பது இருபது. ஆகவே பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்குப் போகிறது: ‘த்வாஇன்த்வாய்செத் க்ன்யிக்’. ‘த்வா’ என்ற ஒலி சொல்லின் தொடக்கத்தில் காதில் விழுகிறதே என்று இருமையை எழுதினால் பிழை. ஆனால் 102 என்றால் ‘ஸ்தோ த்வே’. கடைசியில் இரண்டு வருகிறது. பெயர் இருமைக்குத் திரும்புகிறது: ‘ஸ்தோ த்வே க்ன்யிகி’. 101 என்றால் ஒருமை. ஆயிரத்தொரு இரவுகள் கதைத்தொகுப்புக்கு ஸ்லோவேனியத்தில் வழங்கும் பெயரிலும் இரவு ஒருமையில்தான் இருக்கிறது. பெயரின் விகுதியைத் தீர்மானிப்பது எண்ணிக்கையல்ல, அதற்கு நேர் முன்னால் காதில் விழும் கடைசி எண்ணுச்சொல். இதைக் கற்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எண்ணுக்குப் பின் வரும் பிழைகளில் இன்னொன்று நம் பத்தியின் நான்காம் வாக்கியத்தில் இருக்கிறது: ‘பேத் ஸோபா’. ‘ஸோபா’ என்றால் அறை. செர்பியத்தில் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்கு ‘ஆ’ விகுதி உண்டு. ஐந்து அறைகள் ‘பேத் ஸோபா’. ஸ்லோவேனியத்தில் அதே இடத்தில் விகுதியே இல்லை: ‘பேத் ஸோப்’. எந்த வேற்றுமை வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குரிய உருபைத்தான் தாய்மொழியிலிருந்து எடுத்திருக்கிறார். வாசிக்கும் ஸ்லோவேனியருக்கோ அது ‘ஐந்து அறை’ என்று ஒருமையின் முதல் வேற்றுமையாகத் தெரியும். எழுதியவருக்கு எண் இலக்கணமே தெரியாது என்று நினைப்பார். அது நியாயமற்ற முடிவு. வினையை அவர் ‘யே’ என்று ஒருமையில் சரியாக எழுதியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே வாக்கியத்தில் கவனிக்கத்தக்க இன்னொன்று: ‘வ் ஏனி ஹிஷி’, அதாவது ‘ஒரு வீட்டில்’. இங்கே அவர் ‘ஹிஷி’ என்று சரியாக எழுதியிருக்கிறார். முந்தைய வாக்கியத்தில் இரண்டு வீடுகளுக்கு வேண்டியிருந்ததும் இதே ‘ஹிஷி’தான். அவருக்கு அந்த வடிவம் தெரியும். அது ஒருமையின் ஏழாம் வேற்றுமையாக மட்டுமே மனத்தில் பதிந்திருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஸ்லோவேனிய இருமையின் பெயர் விகுதிகள் பெரும்பாலும் அதற்கே உரியவை அல்ல. ‘ஹிஷி’ இருமையிலும் வரும், ஒருமையின் நான்காம், ஏழாம் வேற்றுமைகளிலும் வரும். ‘ப்ராத்தா’ இருமையிலும் வரும், ஒருமையின் இரண்டாம், ஆறாம் வேற்றுமைகளிலும் வரும். இருமையின் ஆறாம், ஏழாம் வேற்றுமைகளுக்குப் பன்மையின் வடிவங்களே போதும். இருமைக்கு மட்டுமே சொந்தமான பெயர் விகுதி ‘ஓமா’, ‘ஆமா’ என்பதே: இரண்டு சகோதரர்களோடு என்றால் ‘ஸ் த்வேமா ப்ராத்தோமா’, இரண்டு வீடுகளுக்கு என்றால் ‘த்வேமா ஹிஷாமா’. மூன்றாம், நான்காம் வேற்றுமைகளில் வரும் அந்த ஒலியைக் கேட்டால் ஐயமே இல்லாமல் இருமை. கற்பவர்கள் இதையும் விடுகிறார்கள். செர்பியத்தில் முன்னிடைச்சொல்லுக்குப் பின் எண் வேற்றுமை ஏற்காமல் நிற்கும் என்பதால் ‘ஸ் த்வா ப்ராத்தா’ என்று எழுதுவார்கள். ஆனால் திருத்திச் சொன்னபின் இந்த வடிவம் விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. அதற்கு வேறு வேலை இல்லை, குழம்ப இடமில்லை.

பெயரில் இருமை இப்படி இரவல் உருபுகளோடு நிற்கிறது என்றால், வாக்கியத்தில் ‘இரண்டு’ என்ற செய்தியைச் சுமப்பது எது? எண்ணுச்சொல்லும் வினையும். இதில் எண்ணுச்சொல் ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும். ‘எனக்கு இரண்டு சகோதரர்கள்’ என்று தொடங்கிய பிறகு அடுத்த வாக்கியத்தில் ‘அந்த இரண்டு பேரும்’ என்று யாரும் திரும்பச் சொல்வதில்லை. அங்கே இருமையைத் தாங்க வினை மட்டுமே மிஞ்சுகிறது. வாசகர் இப்போது நம் பத்தியின் இரண்டாம் வாக்கியத்துக்குத் திரும்பலாம்.

‘தேலயோ வ் மரிபோரு.’ மரிபோரில் வேலை செய்கிறார்கள். ‘தேலயோ’ பன்மை, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டவர். வேண்டியது ‘தேலத்தா’. ஸ்லோவேனிய வினையின் நிகழ்கால இருமை எளிமையானது: நாம் இருவர் என்றால் ‘வா’ (தேலவா), நீங்கள் இருவர் என்றாலும் அவர்கள் இருவர் என்றாலும் ‘தா’ (தேலத்தா). துணைவினையும் அப்படியே: ‘ஸ்வா’, ‘ஸ்தா’, ‘ஸ்தா’. இந்த விகுதிகள் எந்த ஒருமை, பன்மை வடிவத்தோடும் மோதாதவை. கற்க வேண்டியது மிகக் குறைவு. வாய்ப்பாடாகக் கேட்டால் தொடக்கநிலை மாணவர் கூடத் தடையின்றிச் சொல்லிவிடுவார். ஆனாலும் தொடர்ந்து எழுதும்போது விடுபடுவது இதுதான். ‘த்வா’ என்ற சொல் கண்முன் இருக்கும்வரை இருமை வருகிறது. அது மறைந்த அடுத்த வாக்கியத்திலேயே பன்மை நுழைந்துவிடுகிறது. மூன்றாம் வாக்கியத்தின் ‘ஸோ குபிலி’ என்பதும் அதே நழுவல். ‘ஸ்தா குபிலா’ என்றிருக்க வேண்டும்.

வாசிக்கும் ஸ்லோவேனியருக்கு இது வெறும் இலக்கணக் குறை அல்ல, பொருள் மாற்றம். ‘எனக்கு இரண்டு சகோதரர்கள்’ என்று படித்துவிட்டு ‘தேலயோ’ என்று வந்தால், வேறு யாரோ சேர்ந்துகொண்டார்கள் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைப்பார். சகோதரர்களோடு பெற்றோரும் வேலை செய்கிறார்களா? முந்தைய வாக்கியத்துக்குத் திரும்பிப் பார்ப்பார். ‘த்வே ஹிஷே’ என்று பெயரில் பிழை வந்தால் அப்படி நேராது. ‘த்வே’ என்ற எண் பக்கத்திலேயே நின்று பொருளைக் காப்பாற்றிவிடும். இரு பிழைகளுக்கும் ஒரே மதிப்பெண் குறைப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் வாக்கியம் இன்னும் நுட்பமானது. ‘ஆனா இன் யாஸ் ஸ்வா தாம் தேலலா’: ஆனாவும் நானும் அங்கே வேலை செய்தோம். ‘ஸ்வா’ சரி, இருமை வந்துவிட்டது. எண்ணுச்சொல் இல்லை, ஆனால் இரு பெயர்கள் அருகருகே நிற்கின்றன. அது எண்ணுச்சொல்லின் வேலையைச் செய்துவிட்டது. தவறியது இறந்தகால எச்சத்தின் பால். எழுதுபவர் பெண், ஆனாவும் பெண். பெண்பால் இருமை ‘தேலலி’. ‘தேலலா’ என்பது ஆண்கள் இருவருக்கு, அல்லது ஆணும் பெண்ணும் கலந்த இருவருக்கு.

ஏன் ‘தேலலா’ என்று எழுதினார்? இங்கே விகுதிகளின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். பெண் ஒருத்தி வேலை செய்தாள் என்றால் ‘தேலலா’. ஆண்கள் பலர் வேலை செய்தார்கள் என்றால் ‘தேலலி’. இருமையில் இவை இடம் மாறுகின்றன: ஆண்பால் இருமைக்குப் பெண்பால் ஒருமையின் ‘ஆ’, பெண்பால் இருமைக்கு ஆண்பால் பன்மையின் ‘இ’. ஒருமையில் ‘ஆ’ என்றால் பெண் என்று ஆயிரம் முறை கேட்டுப் பழகிய மனம், இரண்டு பெண்களுக்கும் ‘ஆ’வைத் தேடிப் போவது இயல்பு. வேறொரு காரணமும் இருக்கலாம். பாடநூல்களில் முதலில் கற்பிக்கும் வடிவம் ஆண்பாலே. ‘ஸ்வா தேலலா’ என்பது பால் பார்க்காமல் மொத்தமாக மனப்பாடமாகியிருக்கலாம்.

இரு காரணங்களையும் பிரித்தறிய முடியும். அதே பெண்ணிடம் தன் சகோதரர்கள் இருவரைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ‘ஸ்தா தேலலா’ என்று சரியாக எழுதினால், அவரிடம் ஒரே வடிவம்தான் இருக்கிறது. பெண்பால் இருமையைக் கற்பித்தால் போதும். ‘ஸ்தா தேலலி’ என்று எழுதினால் அவர் இரண்டு வடிவங்களையும் வைத்திருக்கிறார், இடம் மாற்றிப் பயன்படுத்துகிறார். அவருக்குப் புதிய வடிவம் எதையும் கற்பிக்கத் தேவையில்லை, இருக்கும் இரண்டின் இணைப்பைத்தான் மாற்ற வேண்டும். பிழை ஒன்று, மருந்து இரண்டு. சிவப்பு மையால் ‘இ’ என்று மேலே எழுதிவிட்டுப் போனால் எந்த மருந்தும் சேராது.

கடைசி வாக்கியத்தில் நேர் எதிரான பிழை. ‘நோகி ஸ்தா மே போலேலி’: கால்கள் இருமையில், துணைவினை இருமையில், எச்சம் பெண்பால் இருமையில். விகுதி இலக்கணப்படி ஒவ்வொன்றும் சரி. ஆனாலும் ஸ்லோவேனியர் இப்படிச் சொல்லமாட்டார். ‘நோகே ஸோ மே போலேலே’ என்று பன்மையில்தான் சொல்வார். கால், கை, கண் என்று இயல்பிலேயே இரண்டாக இருப்பவற்றுக்கு எண் சொல்லாதபோது பன்மை. பெற்றோர் என்ற சொல்லும் அப்படியே. ‘இரண்டும்’ என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் இருமை வரும்: ‘ஓபே நோகி’, இரண்டு கால்களும். இரண்டாக இருப்பது எதிர்பார்க்கப்பட்டதாக இருந்தால் மொழி அதைக் குறிப்பதில்லை. ஒன்றாகவோ மூன்றாகவோ இருந்திருக்கக்கூடிய ஒன்று இரண்டாக இருக்கும்போதுதான் குறிக்கிறது. இருமையை ‘இரண்டு பொருள்கள்’ என்று மட்டும் விளக்கும் பாடநூல்கள்தான் இந்தப் பிழையை உண்டாக்குகின்றன. இதை எழுதியவர் பாடத்தைக் கவனமாகப் படித்தவர். இரண்டாம் வாக்கியத்தில் இருமையைத் தவறவிட்ட அதே பெண் இங்கே தேவையற்ற இடத்தில் அதைச் செலுத்தியிருக்கிறார் என்பது அவருடைய கற்றல் முன்னேறுவதன் அடையாளம்.

பத்தி முழுவதையும் திருத்தினால் இப்படி இருக்கும்:

இமாம் த்வா ப்ராத்தா. தேலத்தா வ் மரிபோரு. லானி ஸ்தா குபிலா த்வே ஸ்தாரி ஹிஷி. வ் ஏனி ஹிஷி யே பேத் ஸோப். ஆனா இன் யாஸ் ஸ்வா தாம் தேலலி. நோகே ஸோ மே போலேலே.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. ‘த்வே ஹிஷே’ என்று ஸ்லோவேனியரே சொல்வதில்லையா? சொல்கிறார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் தெனியேர் 1920களின் தொடக்கத்தில் லியுப்லியானாவில் பணியாற்றியபோது, ஸ்லோவேனிய வட்டார வழக்குகளில் இருமை எங்கெங்கே எப்படி வழங்குகிறது என்று திரட்டி, 1925இல் ஒரு பெரிய ஆய்வையும் மொழிப்பட நூலையும் வெளியிட்டார். பின்னாளில் சார்பு இலக்கணத்தின் தந்தையாக அறியப்பட்டவர் அவர். 2008இல் ததியானா யாகோப் வட்டார வழக்குகளின் இருமை பற்றி ஒரு நூல் எழுதினார். இந்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிவது, ஆண்பால் இருமை உறுதியாக நிற்க, பெண்பால் இருமைதான் முதலில் தேய்கிறது என்பது. கடலை ஒட்டிய மேற்குப் பகுதியான ப்ரிமோர்ஸ்காவின் வழக்குகளில் பெண்பால் பெயர் இரண்டுக்குப் பின்னும் பன்மையிலேயே வரும். பெண்கள் இருவர் தாங்கள் செய்ததைச் சொல்லும்போது ‘ஸ்வா’ என்ற இருமைத் துணைவினையோடு எச்சத்தைப் பன்மையின் ‘ஏ’ விகுதியில் முடிப்பதும் அன்றாடப் பேச்சில் சாதாரணம். ‘மித்வே ஸ்வா ஷ்லே’ என்பார்கள், எழுத்து வழக்கின் ‘ஷ்லி’ அங்கே வராது.

ஆகவே ப்ரிமோர்ஸ்காவின் துறைமுக நகரில் வேலை செய்யும் ஒரு செர்பியத் தொழிலாளி ‘த்வே ஹிஷே’ என்று சொன்னால், அது தாய்மொழியின் தாக்கமா, பக்கத்தில் நின்று பேசும் உள்ளூர்க்காரரிடம் கற்றதா என்று விகுதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேயும் வினைதான் தீர்ப்புச் சொல்லும். உள்ளூர்க்காரரின் பேச்சில் பெண்பால் பெயர் பன்மைக்குப் போயிருந்தாலும் ‘ஸ்வா’, ‘ஸ்தா’ என்பவை பெரும்பாலும் உயிரோடு இருக்கும். கற்பவரின் பேச்சில் பெயரும் பன்மை, ‘ஸோ’ என்று வினையும் பன்மை என்றால் அவருக்கு இருமை இன்னும் வரவில்லை. பெயர் மட்டும் நழுவி வினை இருமையில் நின்றால், அவர் நாட்டின் ஒரு பகுதி மக்கள் பேசுவதுபோலப் பேசுகிறார். தேர்வுத்தாளில் அது பிழை, தெருவில் அல்ல.

இதிலிருந்து ஸ்லோவேனியம் கற்பிப்பவர்களுக்கு ஒரு வரிசையைப் பரிந்துரைக்கிறேன். வழக்கமான பாடத்திட்டம் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எண்ணோடு சேர்த்துப் பெயர் விகுதிகளைத்தான் முதலில் பயிற்றுகிறது. மாணவர் கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பி ‘த்வே ஹிஷி’யில் தேறிவிடுவார். ஆனால் கோடிட்ட இடத்தில் எண் எப்போதும் முன்னால் நிற்கிறது. எண் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பயிற்சியில் வாய்ப்பே இல்லை. அதற்குப் பதிலாக, முதல் வாக்கியத்தில் மட்டும் இருவரை அறிமுகப்படுத்தி, அடுத்த ஏழெட்டு வாக்கியங்களில் எண்ணுச்சொல்லே வராமல் அவர்களைப் பற்றி எழுதச் சொல்லலாம். நடுவில் மூன்றாம் ஆள் ஒருவரைச் சேர்த்து, பிறகு அவரை அனுப்பிவிடச் சொல்லலாம். வினை இருமையிலிருந்து பன்மைக்குப் போய் மறுபடி இருமைக்குத் திரும்ப வேண்டும். திருத்தும்போது முதலில் வினையைத் திருத்துங்கள், அடுத்து எச்சத்தின் பாலை, அதன்பின் ‘ஓமா’, ‘ஆமா’வை, பெண்பால் பெயரின் ‘இ’ கடைசியில் வந்தால் போதும்.